கர்மாவும் மறுபிறவியும்: பற்று நோட்டுக் கணக்கு

"கர்மா, மறுபிறவி இரண்டையும் கடினமான சொற்கள் இல்லாமல் ஒரே நிமிடத்தில் விளக்க முடியுமா?"

மளிகைக் கடைப் பற்று நோட்டு தீர்ந்தால் கடன் தீராது. பாக்கி புது நோட்டில் ஏறும். நோட்டு உடல், கணக்கு வினை, வாடிக்கையாளர் உயிர்.

பழைய பாக்கி 900 ரூபாய் என்று வையுங்கள். இந்த மாதம் 200 கட்டியாக வேண்டும். இப்பிறவியில் காரணம் புரியாமல் வரும் துன்பம் அந்த 200தான். அதைக் கட்டும் கோபத்தில் இன்னொருவரை அடித்தால் அது புதுப் பற்று. விதி என்று கைகட்டி நிற்பவர்கள் மறப்பது இதைத்தான்: புதிதாக எழுதுவது நம் கையில் இருக்கிறது.

கூடுதலாகக் கட்டிய முன்பணமும் கணக்கை மூடாது; அதற்கான சரக்கை வாங்கவும் திரும்பி வரவேண்டும். அதனால்தான் சைவ சித்தாந்தம் நல்வினை, தீவினை இரண்டையுமே கட்டு என்கிறது. இரண்டின் பலனையும் ஒன்றுபோல ஏற்கும் பக்குவம் வந்த பிறகே கணக்கு மூடத் தொடங்கும்.