ஆடிட்டர் "சரி" என்று எழுதிய பிறகும் படிக்க வேண்டிய பக்கங்கள்

கேள்வி: சார், மண்டபத்தில் நண்டு, கணவாய் வாங்கி விற்கிறேன். தெரிந்த தொழிலாச்சே என்று, கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஒரு லிஸ்டட் கம்பெனியில் 3 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கி வைத்திருக்கிறேன். ஆடிட்டர் கணக்கு சரி என்றுதான் எழுதியிருக்கிறார். ஆனால் ராமநாதபுரத்தில் இருக்கும் மச்சான் "ரிலேட்டட் பார்ட்டி குறிப்பைப் படிச்சீங்களா?" என்கிறார். அதில் என்ன இருக்கும்? விற்றுவிடவா? ஆண்டறிக்கையை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: மச்சான் சொன்னது சரியான இடம். ரிலேட்டட் பார்ட்டி என்றால் கம்பெனியை நடத்துபவர்களின் சொந்தக்காரர்களும் அவர்கள் கையில் இருக்கும் மற்ற நிறுவனங்களும். அவர்களோடு கம்பெனி செய்த கொடுக்கல் வாங்கல்தான் அந்தக் குறிப்பில் இருக்கும். அறிக்கையைப் படித்துவிட்டேன். கம்பெனி பெயரை இங்கே போடவில்லை, எண்களையும் முழு எண்ணாக்கி எழுதுகிறேன்.

முதலில் ஆடிட்டர் அறிக்கை. அதன் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள். அங்கே கணக்குகள் உண்மையான, நியாயமான தோற்றத்தைத் தருகின்றன என்று இருக்கிறது, நல்லது. ஒரு பக்கம் தாண்டி `Emphasis of Matter` என்ற தலைப்பில் நாலு வரி இருப்பதைப் பாருங்கள். துபாயில் உள்ள ஒரு நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய 38 கோடி ரூபாயில் பெரும்பகுதி 180 நாளுக்கு மேல் நிற்கிறது, அது முழுவதும் வசூலாகும் என்று நிர்வாகம் கருதுகிறது, விவரத்துக்குக் குறிப்பு 41 பார்க்கவும், இதனால் எங்கள் கருத்து மாறவில்லை. சாரம் இவ்வளவுதான். அந்தக் கடைசி வரியைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இந்தத் தலைப்பில் ஆடிட்டர் குற்றம் சாட்டுவதில்லை. கணக்கில் சொல்லியிருக்கும் ஒரு விஷயம் அறிக்கை படிப்பவர் கவனிக்காமல் போகக் கூடாத அளவுக்கு முக்கியம் என்று அவர் நினைத்தால்தான் இதை எழுதுவார். பணம் வராது என்றே அவர் முடிவு செய்து, கம்பெனி அதற்கு ஒதுக்கீடு செய்ய மறுத்திருந்தால், `Qualified Opinion` என்று தலைப்பே மாறியிருக்கும். இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை.

இப்போது குறிப்பு 41-க்குப் போவோம், மச்சான் சொன்ன ரிலேட்டட் பார்ட்டி குறிப்பு இதுதான். அந்த துபாய் நிறுவனம் யாருடையது என்று தேடினால், ஒரு இயக்குநரின் தம்பியுடையது. குடும்பத்தோடு வியாபாரம் செய்வது தப்பே இல்லை, நம்ம கடற்கரையில் ஐஸ் பிளான்ட் அண்ணன் பெயரிலும் வண்டி மாமா பெயரிலும் ஓடுவது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கம்பெனியும் எம்.டி.யின் மனைவி பெயரில் இருக்கும் கட்டடத்துக்கு வாடகை தருகிறது, வருடத்துக்கு 40 லட்சம், வருடா வருடம் கிட்டத்தட்ட அதே தொகை. அதை விட்டுவிடுங்கள்.

துபாய் கதை அப்படியில்லை. கம்பெனியின் மொத்த விற்பனை 400 கோடி, அதில் அந்தத் தம்பி நிறுவனத்துக்குப் போனது 55 கோடி, முந்தைய வருடம் 30 கோடி. வர வேண்டிய பாக்கியோ 9 கோடியிலிருந்து 38 கோடி ஆகியிருக்கிறது. 38-ஐ 55-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 252 நாள் வருகிறது, அதாவது விற்ற சரக்குக்குப் பணம் வர எட்டு மாதத்துக்கு மேல். மற்ற வாடிக்கையாளர்களுக்கு விற்றது 345 கோடி, அவர்கள் பாக்கி 57 கோடி, அதே கணக்குப் போட்டால் 60 நாள். வெளி ஆளுக்கு இரண்டு மாதம், சொந்தக்காரருக்கு எட்டு மாதம். நீங்களும் சரக்கைக் கடனில் கொடுப்பவர், இப்படி ஒரு கணக்கைக் கண்டால் அது வியாபாரமா, வேறு ஏதாவதா என்று உங்களுக்கே தோன்றும்.

இது ஏன் லாபத்தைப் பாதிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலரும் கவனிக்காத இடம் இதுதான். துபாய் நிறுவனம் இந்தக் கம்பெனியின் துணை நிறுவனமாக இருந்திருந்தால், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கில் இந்த விற்பனை அடிபட்டுப் போயிருக்கும். சரக்கு வெளி ஆளுக்கு விற்ற பிறகுதான் லாபம் தெரியும். தம்பியின் சொந்த நிறுவனம் என்பதால் அப்படி அடிபடவில்லை, சரக்கு அங்கே குளிர்பதனக் கிடங்கில் விற்காமல் கிடந்தாலும் இங்கே விற்பனையும் லாபமும் எழுதியாகிவிட்டது. அப்படித்தான் நடந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் வரிக்கு முந்தைய லாபம் 22 கோடி காட்டிய வருடத்தில் தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த ரொக்கம் 1 கோடிதான் என்று பணப்புழக்க அறிக்கை சொல்கிறது. துபாய் பாக்கி மட்டும் 29 கோடி கூடியிருக்கிறது. லாபம் எங்கே போய் நிற்கிறது என்று இப்போது தெரிகிறதா?

அதே குறிப்பில் இன்னொன்று. புரமோட்டர் குடும்பத்தின் ரியல் எஸ்டேட் கம்பெனிக்கு 48 கோடி கடன், 7.5 சதவீத வட்டி. இவர்களே வங்கியில் வாங்கும் கடனுக்கு 10.5 சதவீதம் கட்டுகிறார்கள். 3 சதவீதம் கை நஷ்டம், வருடத்துக்கு ஏறக்குறைய 1 கோடியே 44 லட்சம், அதில் உங்கள் பங்கும் உண்டு. வட்டி 3 கோடியே 60 லட்சம் வருமானமாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் வருடக் கடைசியில் அந்தத் தொகை முழுவதும் "வர வேண்டிய வட்டி" என்றே நிற்கிறது. அதாவது அந்த 22 கோடி லாபத்தில் இதுவும் கைக்கு வராத பணம்.

ஆடிட்டர் அறிக்கையின் பின்னிணைப்பில் காரோ என்று ஒன்று இருக்கும், 2020-இல் வந்த ஆணைப்படி எழுதுவது. அதில் மூன்றாவது பிரிவு கடன்களைப் பற்றியது. புரமோட்டருக்கோ ரிலேட்டட் பார்ட்டிக்கோ கேட்டபோது திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையில் கடன் கொடுத்திருந்தால், எவ்வளவு, மொத்தக் கடனில் எத்தனை சதவீதம் என்று ஆடிட்டர் அங்கே எழுதியாக வேண்டும். பி.டி.எஃப்.-இல் `repayable on demand` என்று தேடிப் பாருங்கள். இந்த 48 கோடி அங்கேதான் இருக்கிறது, 100 சதவீதம் என்று. திருப்பித் தரத் தேதியே இல்லாத கடனுக்குத் தவணை தவறியது என்று யாரும் எழுத முடியாது, அதனால்தான் அதே பிரிவில் "தவணை தவறிய நிலுவை இல்லை" என்று அழகாக வருகிறது.

அப்புறம், இதற்கெல்லாம் நீங்கள் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். ஒரே ரிலேட்டட் பார்ட்டியோடு ஒரு வருடத்தில் நடக்கும் பரிவர்த்தனை இந்த அளவுள்ள கம்பெனியின் வருட விற்பனையில் 10 சதவீதத்தைத் தாண்டினால், செபி விதிப்படி பங்குதாரர் ஒப்புதல் வேண்டும். இங்கே அது 40 கோடி. துபாய் விற்பனை, கடன் இரண்டுமே தாண்டுகின்றன. அந்தத் தீர்மானத்துக்கு ரிலேட்டட் பார்ட்டிகள் ஆதரவு ஓட்டுப் போட முடியாது, அதனால் சின்னப் பங்குதாரர் ஓட்டுக்கு இங்கே நிஜமாகவே எடை உண்டு. இ-வோட்டிங் மின்னஞ்சல் வந்திருக்கும், திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இப்படி எச்சரிக்கை எதுவும் இல்லாத அறிக்கையும் ஏமாற்றலாம். சத்யம் கம்பெனியின் ஆடிட்டர்கள் சுத்தமான அறிக்கைதான் கொடுத்துவந்தார்கள், 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதிய பிறகுதான் கணக்கில் 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் இல்லாதது என்று தெரிந்தது. அதற்கு முந்தைய மாதம் அவர் குடும்பத்தின் மேடாஸ் நிறுவனங்களை வாங்க சத்யம் முயன்று, முதலீட்டாளர்கள் எதிர்த்ததும் பின்வாங்கியது. அங்கேயும் முதலில் வெளியே தெரிந்தது குடும்பக் கம்பெனி விவகாரம்தான்.

விற்பதா என்று கேட்டீர்கள். புதிதாக ஒரு பங்கும் வாங்காதீர்கள். இந்த 3 லட்சம் உங்கள் சேமிப்பில் பெரிய பங்கு என்றால் பாதியை இப்போதே விற்றுவிடுங்கள், யோசிக்க வேண்டாம். மீதிக்கு, கம்பெனி செகரட்டரிக்கு மின்னஞ்சல் போட்டு, மார்ச் 31-க்குப் பிறகு அந்த 38 கோடியில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் அரையாண்டு முடிவுகள் வரும் அன்றே ரிலேட்டட் பார்ட்டி விவரத்தையும் பங்குச் சந்தை தளத்தில் போட வேண்டும், பெரும்பாலும் நவம்பர் நடுவுக்குள் வந்துவிடும். அதில் துபாய் பாக்கி 20 கோடிக்குக் கீழே இறங்கி, கடன் 48 கோடிக்கு மேல் ஏறாமல் இருந்தால் வைத்திருக்கலாம். பாக்கி கூடியிருந்தாலோ, இடையில் ஆடிட்டர் ராஜினாமா செய்துவிட்டார் என்று செய்தி வந்தாலோ, அன்றைய விலை என்ன என்று பார்க்காமல் மீதியையும் விற்றுவிடுங்கள்.