பெர்மிட் புதுப்பிப்பு: நிறுவனத்துக்கு மெயில் எழுதும்போது கேட்க வேண்டிய தேதிகள்

(வெளிநாட்டுப் பணியாளர்களின் அனுமதி வேலைகளை எச்.ஆர். பிரிவில் பல வருடங்கள் கவனித்தவர் பதில் சொல்கிறார்.)

அக்கா, என் பெர்மிட் நவம்பர் 30 முடிகிறது. இப்போது ஜூலை. இப்போதே எழுதினால் அவசரக்காரன் என்று நினைக்க மாட்டார்களா?

மாட்டார்கள் தம்பி. முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். உங்கள் இடத்தில் முடிவு வர இரண்டு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் செப்டம்பர் கடைசிக்குள் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கு முன் நிறுவனத்தின் கடிதம், கையெழுத்து, உங்கள் சான்றிதழ்கள் எல்லாம் சேர இரண்டு மாதம் தேவை. ஆக, ஆகஸ்ட் பிறக்கும்போதே வேலை தொடங்கியாக வேண்டும். நீங்கள் சரியான நேரத்தில்தான் கேட்கிறீர்கள்.

சில நாடுகளில் இத்தனை மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவே முடியாது என்று விதி இருக்கும். அதனால் "இப்போதே போடுங்கள்" என்று எழுத வேண்டாம். "எந்தத் தேதியிலிருந்து விண்ணப்பிக்க முடியும், எந்தத் தேதிக்குள் தாக்கல் செய்யத் திட்டமிட்டிருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். "என் ரினிவல் என்ன ஆச்சு?" என்று கேட்டால் "நடந்துகொண்டிருக்கிறது" என்றுதான் பதில் வரும். தேதியைக் கேட்டால் அவர்கள் கோப்பைத் திறந்து பார்த்துத்தான் பதில் எழுத முடியும்.

மெயிலில் என்னவெல்லாம் எழுதுவது? எனக்கு நீட்டி எழுத வராது.

நீட்டவே கூடாது. அந்தத் தம்பியின் தேதிகளையே வைத்து எழுதிக் காட்டுகிறேன். அவருடைய பாஸ்போர்ட் அடுத்த பிப்ரவரி 18 முடிகிறது, அக்டோபரில் ஊருக்குப் போகும் எண்ணமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

> பொருள்: வேலை அனுமதி புதுப்பித்தல் – 30 நவம்பர் 2026 முடிகிறது – பணியாளர் எண் ____
>
> வணக்கம்.
>
> என் வேலை அனுமதி 30 நவம்பர் 2026 அன்று முடிகிறது. பாஸ்போர்ட் 18 பிப்ரவரி 2027 வரை செல்லும். அக்டோபர் 10 முதல் 24 வரை வெளிநாட்டுப் பயணம் திட்டமிட்டுள்ளேன்; டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.
>
> மூன்று விவரங்கள் தேவை:
> 1. விண்ணப்பத்தை எந்தத் தேதிக்குள் தாக்கல் செய்வீர்கள்?
> 2. நான் தர வேண்டிய ஆவணங்கள் எவை, எந்தத் தேதிக்குள்?
> 3. பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பிக்க வேண்டுமா? அக்டோபர் பயணம் விண்ணப்பத்தைப் பாதிக்குமா?
>
> ஆகஸ்ட் 7க்குள் பதில் கிடைத்தால் ஆவணங்களைத் தயார் செய்ய வசதியாக இருக்கும்.
>
> நன்றி.

இவ்வளவு போதும். முடியும் தேதி சப்ஜெக்டிலேயே இருப்பதைக் கவனியுங்கள். எச்.ஆரில் இருப்பவர் நாள்தோறும் சப்ஜெக்ட் வரிகளைப் பார்த்துத்தான் எதை முதலில் திறப்பது என்று முடிவு செய்கிறார். மாதத்தை எழுத்தில் போடுங்கள். 05/06 என்றால் ஒரு நாட்டுக்காரருக்கு ஜூன் 5, இன்னொருவருக்கு மே 6. இந்த ஒரு குழப்பத்தால் காலெண்டரில் தவறான நாளில் நினைவூட்டல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

பாஸ்போர்ட் எதற்கு? பெர்மிட் தேதி மட்டும் போதாதா?

போதாது. புது பெர்மிட்டைப் பாஸ்போர்ட் முடியும் நாளோடு நிறுத்திவிடும் நாடுகள் பல உண்டு. நிறுவனம் இரண்டு வருடத்துக்கு விண்ணப்பித்தாலும் கையில் கிடைப்பது இரண்டரை மாதமாக இருக்கலாம். அப்புறம் மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு. மேலே உள்ள மெயிலில் மூன்றாவது கேள்வி அதற்காகத்தான்.

மேடம், என் கதையும் இதுதான். அமெரிக்காவில் எச்-1பி. ஒப்புதல் 2028 வரை இருக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பியபோது ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் பாஸ்போர்ட் முடியும் தேதியைப் போட்டுவிட்டார்கள். எச்.ஆர். "ஒப்புதல் இருக்கிறதே, கவலை வேண்டாம்" என்கிறார்கள்.

இதை விட்டுவிடாதீர்கள். அங்கே தங்கும் காலத்தை நிர்ணயிப்பது ஐ-94 தேதி. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதி உள்ளே நுழைவதற்குத்தான். ஒப்புதல் தாளில் நீண்ட தேதி இருந்தாலும், அதற்குப் பிறகு நுழைந்தபோது கிடைத்த ஐ-94ஐத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள்.

ஐ-94ஐ இணையத்திலிருந்து இறக்கி, மெயிலில் இணைத்து, இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதுங்கள்: "ஒப்புதல் இந்தத் தேதி வரை, ஐ-94 இந்தத் தேதி வரை." நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞருக்கும் அது போக வேண்டும் என்று கேளுங்கள். முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள். பிறகு வெளியே போய்த் திரும்பி வருவதா, அங்கிருந்தே நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பதா என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும். எதுவானாலும் ஐ-94 தேதிக்கு முன்பே நடக்க வேண்டும்.

இவ்வளவு பதற்றம் எதற்கு? விண்ணப்பம் போட்டுவிட்டால் முடிவு வரும்வரை வேலை பார்க்கலாம். என் நண்பர்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்.

பாதி சரி. அப்படி அனுமதிக்கும் நாடுகள் உண்டு. ஆனால் பழைய பெர்மிட் முடிவதற்குள் விண்ணப்பம் தாக்கலாகியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. எத்தனை நாள் தொடரலாம் என்பதற்கும் சில இடங்களில் வரம்பு உண்டு. எல்லா நாட்டிலும் இந்தச் சலுகை கிடையாது.

எச்.ஆர். "போட்டாச்சு" என்று சொன்னதும் இரண்டாவது மெயில் எழுதுங்கள்: "தாக்கலான தேதியும் ரசீதின் நகலும் அனுப்ப முடியுமா?" வழக்கறிஞருக்குத் தாள்களை அனுப்பியதையே "போட்டாச்சு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ரசீதில் இருக்கும் தேதிதான் கணக்கு.

நான் வேறு கம்பெனிக்கு மாறப்போகிறேன். இந்த மெயிலைப் புதுக் கம்பெனிக்கு அனுப்பலாமா?

இது புதுப்பித்தலுக்கான மெயில். வேலை மாறினால் பல இடங்களில் புதிய நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்கும் முன், எந்தத் தேதியிலிருந்து புதிய நிறுவனத்தில் சட்டப்படி வேலை தொடங்கலாம் என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மெயில் போட்டு பத்து நாள் ஆகிறது, பதில் இல்லை. மேனேஜரை சிசியில் போடலாமா? கோபித்துக்கொள்வார்களா?

புது மெயில் வேண்டாம், பழைய மெயிலுக்கே ரிப்ளை போடுங்கள். முதலில் எப்போது எழுதினீர்கள் என்பது கீழேயே தெரியும். "பெர்மிட் முடிய இன்னும் 110 நாள் இருக்கிறது, தாக்கல் தேதியை மட்டுமாவது தெரிவியுங்கள்" என்று ஒரே வரி.

மேனேஜர் விஷயத்தில் என்னால் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. பெர்மிட் முடிந்தால் அவர் அணியில் ஆள் குறையும், அதனால் அவருக்குத் தெரிய வேண்டியதுதான் என்பது என் எண்ணம். சில நிறுவனங்களில் அதையே புகாராக எடுத்துக்கொள்வார்கள். மேனேஜரிடம் முதலில் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்புறம் சிசியில் போடுவது நல்லது.

எச்.ஆரில் மேலாளராக இருக்கிறேன். ஒன்று சேர்க்கலாமா? பாஸ்போர்ட் ஸ்கேனை முதல் மெயிலிலேயே எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அது வேண்டாம்.

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். முதல் மெயிலுக்குத் தேதிகள் போதும். நகல் கேட்டால் நிறுவனத்தின் போர்ட்டலில் ஏற்றுங்கள். போர்ட்டல் இல்லையென்றால் கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள், சிசியில் யாரும் வேண்டாம்.

அக்கா, என் பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது. தேதியே எனக்குத் தெரியாது. எப்படி எழுதுவது?

அதையே முதல் கேள்வியாக வையுங்கள்: "என் பாஸ்போர்ட், பெர்மிட் இரண்டின் நகலும் எனக்குத் தேவை, முடியும் தேதிகளைத் தெரிவியுங்கள்." பணியாளரின் பாஸ்போர்ட்டை நிறுவனம் வைத்திருப்பதைப் பல நாடுகளின் சட்டம் தடை செய்கிறது. புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போகும்போது பழைய பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆகவே எந்தத் தேதியில் திருப்பித் தருவார்கள் என்பதையும் அதே மெயிலில் கேளுங்கள். வாய்மொழியாகத்தான் பதில் சொல்கிறார்கள் என்றால், அன்றே "இன்று நீங்கள் இந்தத் தேதியைச் சொன்னீர்கள்" என்று நீங்களே எழுதி அனுப்பி, ஒரு நகலைச் சொந்த மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.