கஃப் கட்டினா பாதம் மரத்துப்போகுது

"ஈரோடுங்க. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் தொடையில ரத்த ஓட்டத்தைக் குறைக்கிற காத்தடைச்ச பட்டையை, அதாங்க கஃப், கட்டி 5 கிலோல லெக் எக்ஸ்டென்ஷன் பண்றேன். 15-வது தடவையிலயே பாதம் மரத்துப்போகுது."

உடனே காத்தை இறக்கிடுங்க. தொடை எரியலாம், பாதம் மரக்கக் கூடாதுங்க, அழுத்தம் அதிகம். கஃப் தொடையோட உச்சியில இருக்கணும். ரத்தம் முழுசா நிக்கிற அழுத்தத்தை ரத்த ஓட்டத்தைக் காட்டுற டாப்ளர் கருவியை வச்சு பிசியோ பார்ப்பாருங்க. அது 180 mmHg வந்தா, அதுல 60 சதவீதம், அதாவது 108 வைங்க. உள்ள வர்ற ரத்தம் குறையணும், நிக்கக் கூடாது.

ஆக்ஸிஜன் குறைஞ்சு கழிவு தேங்கறதால தசையில உள்ள சின்ன இழைகள் சீக்கிரம் சோர்ந்துடும்; பெரிய இழைகளும் வேலைக்கு இறங்கும். அதனாலதான் 5 கிலோவே தசையை வளர்க்குது. நாலு செட்டா 30, 15, 15, 15 தடவை பண்ணுங்க. நடுவுல 30 விநாடி ஓய்வு, கஃப் கட்டினபடியே. கடைசி செட் முடிஞ்சதும் கழட்டிடுங்க. கால்ல ரத்தக்கட்டி வந்திருந்தா டாக்டரைக் கேக்காம கட்டவே வேண்டாமுங்க.