மகளின் பகுதிநேர வருமானம்: எப்போது தொழிலாகப் பதிவு செய்வது?

வணக்கம் சார்.

போன வாரம் நீங்களும் மகளும் வந்துபோன பிறகு, கொடுத்துவிட்டுப் போன மூன்று மாத பாங்க் ஸ்டேட்மெண்டை நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். "கம்பெனியா ரிஜிஸ்டர் பண்ணிடலாமா, இல்ல படிப்பு முடியட்டுமா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இந்த ஸ்டேட்மெண்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இது உங்கள் சம்பளக் கணக்கு. சம்பளம், வீட்டுச் செலவு, கடன் தவணை எல்லாவற்றுக்கும் நடுவில் மகள் வீடியோ எடிட்டிங் செய்து வாங்கிய பணமும் வந்து விழுந்திருக்கிறது. அவளுடைய வரவுகளை மட்டும் மஞ்சள் மார்க்கரால் குறித்துக்கொண்டே வந்தேன். மொத்தம் 19. அதில் 6 வரவுகள் யாரிடமிருந்து, எந்த வேலைக்கு வந்தன என்று எனக்குப் புரியவில்லை. மகளிடமே போனில் கேட்டேன். நான்குக்கு விளக்கம் சொன்னாள். மீதி இரண்டு அவளுக்கும் நினைவில்லை. மூன்றே மாதத்துக்கு இந்த நிலை என்றால் ஒரு வருடம் கழித்து வரி அலுவலகம் கேட்கும்போது என்ன சொல்ல முடியும்? அதுவும் கேள்வி மகளிடம் வராது, உங்களிடம்தான் வரும். உங்கள் கணக்கில் வந்த பணத்தை உங்கள் வருமானம் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும். வெளியே சம்பாதிக்கக் கூடாது என்று உங்கள் வேலை ஒப்பந்தத்தில் விதி இருந்தால் சிக்கல் இரட்டிப்பு.

அதனால் முதல் வேலை, அவள் பெயரில் தனிக் கணக்கு. அவளுக்கு 19 வயது. தன் பெயரில் கணக்குத் திறக்கவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் முடியும். தொழில் பணத்துக்கென்று தனிக் கணக்கு, சொந்தச் செலவுக்கு வேறொன்று. இதற்குத் தொழில் பதிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் சாதாரண சேமிப்புக் கணக்கில் தொழில் வரவு கூடாது என்று சில வங்கிகள் விதி வைத்திருக்கின்றன. திறக்கும்போதே கேட்டுவிடுங்கள். அவளுக்குச் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் தொழில் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்கு மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளட்டும். தொழில் கணக்கின் கார்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகக் கூடாது. இந்த ஒரு பழக்கம் உடைந்தால் மற்றதெல்லாம் வீண்.

அடுத்து, 'ரிஜிஸ்டர்' என்ற ஒரே சொல்லில் நீங்கள் நான்கு காரியங்களைச் சேர்த்துப் பேசினீர்கள். என்னிடம் வரும் பெற்றோர் பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள். வருமான வரிக் கணக்கு காட்டுவது ஒன்று. ஒரு பெயரில் தொழில் செய்வதாக அரசிடம் பதிந்துகொள்வது இன்னொன்று. விற்பனை மீதான வரிக்குப் பதிவது மூன்றாவது. தனிக் கம்பெனி அமைப்பது நான்காவது. இவற்றில் முதலாவது மற்ற மூன்றுக்காகக் காத்திருப்பதில்லை. தொழில் பதிவு இல்லை என்பதற்காக வருமானம் வருமானம் இல்லாமல் போகாது. மூன்றாவது, விற்றுமுதல் ஒரு வரம்பைத் தாண்டும்போதுதான் பெரும்பாலும் கட்டாயமாகும். வரம்பு நாட்டுக்கு நாடு வேறு, எண்ணும் முறையும் வேறு. இந்தியாவில் நிதியாண்டுக்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பிரிட்டனில் எந்த மாத இறுதியிலும் பின்னோக்கி 12 மாதத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். எங்கே இருந்தாலும் பிள்ளைகள் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: வரம்பு என்பது கைக்கு வந்த பணத்தை வைத்தோ லாபத்தை வைத்தோ பார்ப்பதல்ல.

மகளின் போன மாதத்தையே எடுத்துக்கொள்வோம். எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கிக்கொள்கிறேன். மூன்று வேலைகளுக்கு 20,000, 18,000, 12,000 என்று மொத்தம் 50,000 கேட்டாள். எல்லாம் பேமெண்ட் கேட்வே, அதாவது வாடிக்கையாளரிடம் ஆன்லைனில் பணம் வாங்கி அவள் கணக்குக்கு அனுப்பும் நிறுவனம், வழியாக வந்தது. கேட்வே நூற்றுக்கு 2 வீதம் 1,000 பிடித்துக்கொண்டது. இரண்டாவது வாடிக்கையாளருக்கு வேலை பாதியில் மாறியதால் 5,000 திருப்பிக் கொடுத்தாள். கணக்கில் வந்து சேர்ந்தது 44,000. "இந்த மாசம் 44,000 சம்பாதிச்சேன்" என்கிறாள். அது தவறு. அவள் விற்பனை 50,000; திருப்பியது போக 45,000. கேட்வே எடுத்த 1,000 அவளுடைய செலவு. தோழிக்கு தம்ப்நெயில் வரைந்ததற்குக் கொடுத்த 10,000 செலவு. எடிட்டிங் மென்பொருள் சந்தா 4,000 செலவு. லாபம் 30,000. வருமான வரிக்கு இந்த 30,000-ஐப் பார்ப்பார்கள். விற்பனை வரி வரம்புக்கு அந்த 45,000-ஐப் பார்ப்பார்கள். பாங்க் ஸ்டேட்மெண்டில் தெரியும் 44,000 இரண்டுக்குமே பயன்படாத எண். ஆகவே பாங்க் வரவை மட்டும் வைத்துக் கணக்கு எழுதக் கூடாது. எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு அனுப்பினார்கள் என்று கேட்வே தரும் செட்டில்மெண்ட் ரிப்போர்ட்டை மாதாமாதம் இறக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இன்வாய்ஸையும் அதோடு ஒப்பிட வேண்டும். மாதத்துக்கு மூன்று நான்கு வேலைதான் என்பதால் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது.

அவள் இன்வாய்ஸைப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "எடிட்டிங் 18,000, லிங்க் கீழே." அந்த 5,000-ஐத் திருப்பிக் கொடுக்க நேர்ந்ததற்குக் காரணமே இதுதான் என்பேன். எத்தனை நிமிட வீடியோ, எத்தனை முறை திருத்தித் தருவாள், என்றைக்குள் பணம் வர வேண்டும் என்று எதுவும் இல்லை. இன்றிலிருந்து 001 என்று வரிசை எண் போடட்டும். தேதி, இருவர் பெயரும் முகவரியும், செய்த வேலை, இரண்டு திருத்தம் வரை சேர்த்தி என்ற குறிப்பு, தொகை, கடைசித் தேதி இருந்தால் போதும். தவறாகப் போய்விட்டால் அந்த இன்வாய்ஸை அழித்துவிட்டு அதே எண்ணில் வேறொன்று அனுப்பக் கூடாது. ஈடாக, அந்த இன்வாய்ஸின் தொகையைக் குறைப்பதாகவோ ரத்து செய்வதாகவோ சொல்லும் ஒரு கிரெடிட் நோட் போட வேண்டும். வரிசையில் ஓர் எண் காணாமல் போனால் கணக்குப் பார்ப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். இன்னொன்று: விற்பனை வரிக்குப் பதியாதவரை இன்வாய்ஸில் வரி என்று ஒரு வரி சேர்த்து வாங்கவே கூடாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவங்களில் அந்தக் கட்டம் தயாராக இருக்கும். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதென்று நிரப்பிவிடுவார்கள். பதியாமல் வரி வசூலிப்பது பல நாடுகளில் தண்டனைக்குரியது.

கேட்வேயைப் பற்றிச் சொன்னீர்கள், ஒருமுறை பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று. கோபம் நியாயம்தான். ஆனால் அவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். கேட்வே கணக்கு மகள் பெயரில், பாங்க் கணக்கு உங்கள் பெயரில். மாதம் சில ஆயிரம் போய்க்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று 20,000 ஒரே நாளில். சந்தேகப்படுவதற்கு அவர்களுடைய சிஸ்டத்துக்கு அதுவே போதும். தனிக் கணக்கு வந்ததும் பெயர்ப் பொருத்தம் சரியாகிவிடும். பெரிய தொகை வரப்போகிறது என்றால் முன்கூட்டியே இன்வாய்ஸோடு அவர்களுக்கு எழுதித் தெரிவிப்பது நல்லது. வாடிக்கையாளரின் கார்டு ஸ்டேட்மெண்டில் எந்தப் பெயர் வருகிறது என்பதையும் செட்டிங்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். அவளை ஒரு பெயரில் தெரிந்த வாடிக்கையாளர் ஸ்டேட்மெண்டில் வேறு பெயரைப் பார்த்தால், "இது நான் செய்த செலவே இல்லை" என்று வங்கியில் சொல்லிவிடுவார். பணம் திரும்ப எடுக்கப்படும், மேலே ஓர் அபராதக் கட்டணமும் வரலாம். கார்டு பணத்துக்கு இப்படிப் புகார் செய்ய மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. செட்டில் ஆகி வந்துவிட்டது என்பதற்காக அது முடிந்துபோன கணக்கல்ல. வேலையை அனுப்பிய மின்னஞ்சல், வாடிக்கையாளர் "சரி" என்ற பதில் இரண்டையும் அவள் அந்தந்த இன்வாய்ஸ் எண் போட்ட ஃபோல்டரில் வைத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. இப்போதைக்குக் கம்பெனி வேண்டாம். கம்பெனி என்று ஆரம்பித்துவிட்டால் வருமானமே இல்லாத வருடத்திலும் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும், தாமதித்தால் அபராதம், மூடவும் தனியாகச் செலவு. மகளுக்கு அடுத்த ஆறு மாதம் பரீட்சையும் ப்ராஜெக்டும். தொழில் தொடருமா என்று அவளுக்கே தெரியாது. மூன்று மாத வரவில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்தான் நேரத்தையும் நிர்ணயிக்கிறார். எனக்கு இது தொழிலாகத் தெரியவில்லை, பகுதிநேர வேலையாகத்தான் தெரிகிறது. அவர் நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும்.

சொந்தப் பெயரில் சிறுதொழிலாகப் பதிவது வேறு விஷயம். செலவும் சிக்கலும் குறைவு. சில நாடுகளில் முதல் வருமானத்திலிருந்தே தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். விதி கட்டாயப்படுத்தாவிட்டால் நான் மூன்று அறிகுறிகளைப் பார்ப்பேன். ஒன்று, ஒரு நிறுவனம் வேலை தரத் தயாராகி, தொழில் பதிவு எண் இல்லாமல் எங்கள் பட்டியலில் சேர்க்க முடியாது என்று சொல்வது. இரண்டு, தோழிக்கு எப்போதாவது கொடுக்கும் பணம் மாதாமாதம் கொடுப்பதாக மாறுவது. மூன்று, பின்னோக்கி 12 மாதத்தின் மொத்த விற்பனை, விற்பனை வரி வரம்பில் முக்கால் பங்கை நெருங்குவது. இவற்றில் ஒன்று வந்தாலும் பதிந்துவிடலாம். கம்பெனி என்ற யோசனை அதற்கும் பிறகு, ஒரு வேலை கெட்டால் கேட்கப்படும் நஷ்டஈடு அவள் தாங்கும் அளவைத் தாண்டும் என்ற நிலை வரும்போது. சொந்தப் பெயரில் பதிவது அவளையும் தொழிலையும் பிரிப்பதில்லை. தொழிலின் கடன் அவள் கடன்தான்.

பதியும் நாள் வந்தால், மாதத்தின் முதல் தேதியை வெட்டுக்கோடாக வையுங்கள். அதற்கு முன் போட்ட இன்வாய்ஸ்களுக்கான பணம் பழைய கணக்கிலேயே வரட்டும். புதியவற்றுக்குப் புதிய வரிசை எண், புதிய கணக்கு. பின்னாளில் கம்பெனியாக மாறினால் பழைய கேட்வே கணக்கின் பெயரை மாற்றி ஓட்ட முடியாது. புதிய அமைப்புக்குப் புதிதாகச் சரிபார்ப்பு நடக்கும், அது சில நாளிலும் முடியலாம், வாரங்களும் இழுக்கலாம். புதியது நடைமுறைக்கு வரும்வரை பழையதை மூடிவிடாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது மகள் மட்டும் வந்தால்கூடப் போதும். புதுக் கணக்கின் ஒரு மாத ஸ்டேட்மெண்டையும் கேட்வே ரிப்போர்ட்டையும் 001-லிருந்து போட்ட இன்வாய்ஸ்களையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அந்த இரண்டு பெயர் தெரியாத வரவுகள் யாருடையவை என்பதையும் அதற்குள் கண்டுபிடிக்கட்டும்.