ஜிடிபி வளர்ந்தும் வீட்டு வருமானம் ஏன் நகரவில்லை?

"ஜிடிபி 10% வளர்ந்ததாம். என் வருமானமும் தெரிந்தவர்கள் வருமானமும் அப்படியே இருக்கிறது. கணக்கு பொய்யா?"

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து வீடுகள் மட்டும் உள்ள நாடு என்று வையுங்கள். நான்கு வீடுகளுக்குத் தலா 20 ரூபாய், ஐந்தாவதுக்கு 120. மொத்தம் 200, அதுதான் இந்த நாட்டின் ஜிடிபி என்று வைப்போம். சராசரி 40. அடுத்த ஆண்டு ஐந்தாவது வீடு மட்டும் 140 ஆகிறது. மொத்தம் 220, அதாவது 10% வளர்ச்சி. சராசரியும் 44 ஆகிவிட்டது! வரிசையில் நடுவில் நிற்கும் வீட்டுக்கோ அதே 20தான். விலைவாசி ஏறியிருந்தால் அந்த 20க்கும் மதிப்புக் குறைவு.

அப்புறம், ஜிடிபி என்பது ஓர் ஆண்டில் நாட்டின் எல்லைக்குள் உற்பத்தியானதன் மதிப்பு. அந்தப் பணம் யாருக்குப் போனது என்று அது பார்ப்பதில்லை. 2015இல் அயர்லாந்தின் ஜிடிபி ஒரே ஆண்டில் சுமார் 25% எகிறியது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் காகிதத்தில் அங்கே மாற்றியதுதான் முக்கியக் காரணம். லாபம் அங்கே பதிவானது, உரிமையாளர்கள் பெரும்பாலும் வெளியே. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே பிறகு இதற்கெனத் திருத்திய தேசிய வருமானம், GNI*, என்று தனி அளவை வெளியிடத் தொடங்கியது.

உங்கள் நிலையை ஒப்பிட, தலா வருமானத்தை விட்டுவிட்டு, குடும்ப ஆய்வுகளில் வரும் இடைநிலை வருமானத்தை, அதாவது நடுவில் நிற்கும் வீட்டின் வருமானத்தை, விலைவாசி ஏற்றம் கழித்ததாகத் தேடிப் பாருங்கள். ஆனால் பெரும் பணக்காரர்கள் அந்த ஆய்வுகளில் சரியாகச் சிக்குவதில்லை.