ப்ராஜெக்ட்டை நிறுத்தச் சொல்லி ஸ்பான்சருக்கு எழுதும் கடிதம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பதினெட்டு வருடமாக ப்ராஜெக்ட் மேனேஜர் வேலை. இப்படிப்பட்ட கடிதம் இரண்டு எழுதியிருக்கிறேன். இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி: ஒரு விநியோக நிறுவனத்தின் மூன்று குடோன்களுக்கான சரக்கு மேலாண்மை மென்பொருள். நான்கு கோடி பட்ஜெட், பன்னிரண்டு மாதம், எட்டாவது மாதத்தில் கடிதம் போனது.

முதல் வரியில் என்ன எழுதுவது? பின்னணியைச் சொல்லிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரலாமா?

வேண்டாம். ப்ராஜெக்ட்டுக்குப் பணம் ஒதுக்கி முடிவெடுப்பவர் ஸ்பான்சர். அவர் போனில் படிப்பார், முதல் நான்கு வரிதான் திரையில் தெரியும். நான் எழுதியது ஆங்கிலத்தில், தமிழில் சொன்னால் இப்படி: "சார், இந்த ப்ராஜெக்ட்டை இந்த மாதக் கடைசியோடு நிறுத்தும்படி பரிந்துரைக்கிறேன். தொடர்ந்தால் இன்னும் சுமார் 5.2 கோடி செலவாகும், அதிலிருந்து வரக்கூடிய பலன் 4 கோடிதான். நிறுத்த 50 லட்சம் ஆகும். 20-ஆம் தேதிக்குள் உங்கள் முடிவு வேண்டும், 21-ஆம் தேதி வெண்டரின் அடுத்த கட்ட ஆர்டர் தானாகப் போய்விடும்." அவ்வளவுதான். முடிவு, பணம், தேதி. பின்னணி எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும்.

5.2 கோடி எப்படி வந்தது? வெறும் மதிப்பீடு என்று தள்ளிவிட மாட்டார்களா?

கணக்கு இது, கோடியில். EV முடிந்த வேலையின் பட்ஜெட் மதிப்பு, AC இதுவரை செலவான பணம், BAC மொத்த பட்ஜெட், CPI செலவழித்த ஒரு ரூபாய்க்குக் கிடைத்த வேலை, EAC முடியும்போது ஆகும் மொத்தச் செலவு, ETC இனி ஆகும் செலவு:

```
EV  = 1.4   AC = 2.8   BAC = 4.0
CPI = EV / AC   = 0.5
EAC = BAC / CPI = 8.0
ETC = EAC - AC  = 5.2
```

அதாவது ஒரு ரூபாய் செலவழித்து ஐம்பது பைசா வேலைதான் வாங்கியிருக்கிறோம். ஆனால் இங்கே எல்லாம் அந்த 1.4-ஐ எப்படி அளந்தீர்கள் என்பதில்தான் நிற்கிறது. "90 சதவீதம் முடிந்தது" என்று வெண்டர் சொல்வதை எடுத்துக்கொண்டால் அடுத்த ஐந்து மாதமும் 90 சதவீதமாகவேதான் இருக்கும். நான் குடோன் ஆட்கள் சோதித்துப் பார்த்து கையெழுத்துப் போட்ட பகுதிக்கு மட்டும் முழு மதிப்பு கொடுத்தேன், மற்றதற்கு பூஜ்யம். அப்படி அளக்கத் தொடங்கிய மாதமே, அதுவரை பச்சையாக இருந்த ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் சிவப்பானது.

எண்கள் மட்டும் போதுமா? எங்கள் சார் எண்ணைப் பார்த்தால் "டீம் கொஞ்சம் வேகமாக வேலை செய்யட்டும்" என்பார்.

போதாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் குடோனில் சோதனை ஓட்டம் தொடங்கி மூன்று மாதம் ஆனபிறகு ஒரு நாள் காலை முதல் சாயங்காலம் வரை போய் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் ஸ்கேனரை ஆணியில் மாட்டிவைத்துவிட்டு நீளமான கணக்கு நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். ஏன் அண்ணா என்று கேட்டதற்கு அலமாரியைக் காட்டினார். அங்கே 412 பெட்டி, திரையில் 389. பாதி பெட்டி இறக்கியபின் லாரி மாறினால் மென்பொருள் அந்தப் பாதியை மறந்துவிடுகிறது. அதே குறையை வெண்டர் மூன்று முறை "சரி செய்தாயிற்று" என்று மூடியிருந்தார், மூன்று முறையும் திரும்ப வந்தது. நோட்டின் அந்தப் பக்கம், அதே நேரத்துத் திரை, மூன்று முறை மூடிய தேதிகள், இவை மூன்றையும் ஒரே தாளில் இணைத்தேன். வேகமாக வேலை செய்தால் தீரும் பிரச்சினை இல்லை, அடிப்படை வடிவமைப்பே தவறு என்பதை அந்தத் தாள்தான் புரியவைத்தது.

இதுவரை போன 2.8 கோடி? அதை வீணாக்குகிறோம் என்றுதானே ஸ்பான்சர் சொல்வார்?

சொன்னார். அந்தப் பணம் தொடர்ந்தாலும் போனதுதான், நிறுத்தினாலும் போனதுதான், அதனால் ஒப்பீட்டில் அதைச் சேர்க்கக்கூடாது. ஆனால் கடிதத்தில் மறைக்கவும் கூடாது, மறைத்தால் ஆடிட்டில் உங்கள் பெயர்தான் வரும். தனி வரியில் எழுதி, அதிலிருந்து என்ன மிஞ்சும் என்று கூடவே சொல்லுங்கள். எங்களுக்கு ஸ்கேனர்களும், சுத்தம் செய்த சரக்குப் பட்டியலும் மிஞ்சின. அமெரிக்க விமானப் படை இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறது: சரக்கு நிர்வாகத்துக்கான ஈசிஎஸ்எஸ் என்ற ப்ராஜெக்ட்டை 2012 நவம்பரில் நிறுத்தினார்கள். அதற்குள் சுமார் 100 கோடி டாலர் போயிருந்தது. இன்னும் 110 கோடி டாலர் போட்டாலும் முதலில் திட்டமிட்டதில் கால்வாசிதான் கிடைக்கும், அதுவும் 2020-இல் என்று அவர்களே சொன்னார்கள். அவர்கள் பேசியது இனி போகவேண்டிய பணத்தைப் பற்றி.

வேலை 20 சதவீதம் தாண்டிவிட்டால் CPI என்ற இந்தச் செலவு விகிதம் பெரிதாக மாறாது என்று படித்தேன். அதையே ஆதாரமாகப் போட்டுவிடலாமே?

பாதி சரி. அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களை வைத்துச் சொன்னது. மற்ற துறைகளில் பார்த்த ஆய்வாளர்கள் அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது என்றார்கள். கடிதத்தில் விதியாக எழுதினால் விஷயம் தெரிந்த ஒருவர் அந்த ஒரு வரியைப் பிடித்து மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார். உங்கள் ப்ராஜெக்ட்டின் கடைசி மூன்று மாத எண்களையே போடுங்கள்.

நாங்கள் வெண்டர் பக்கம். எங்கள் வாடிக்கையாளர் இப்படித்தான் திடீரென்று நிறுத்திவிட்டார், பில் பாக்கி இருக்கிறது. எப்படிக் கடிதம் எழுதுவது?

உங்கள் விஷயம் வேறு, மன்னிக்கவும். நிறுத்தும் பரிந்துரை உங்களுக்கு உதவாது. காரணமின்றி நிறுத்தினால் எவ்வளவு நோட்டீஸ், நடுவில் நிற்கும் வேலைக்கு எவ்வளவு தொகை என்று ஒப்பந்தத்தில் இருக்கும் பிரிவை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். எங்கள் 50 லட்சமும் அந்தப் பிரிவிலிருந்துதான் வந்தது, பெரும்பகுதி வெண்டருக்கே.

நான் நிதிப் பிரிவில் இருக்கிறேன். உங்கள் சூத்திரம் மீதி வேலையும் இதே மோசமான வேகத்தில்தான் போகும் என்று எடுத்துக்கொள்கிறது. மீதி 2.6 கோடி வேலை பட்ஜெட்படி முடிந்தால் தொடர்வதுதானே லாபம்?

நீங்கள் சொல்வது சரி, எனக்கு வந்த மிகக் கடினமான கேள்வியும் இதுதான். தொடர்வது லாபமாக இருக்க, மீதி வேலை 4.5 கோடிக்குள் முடிய வேண்டும்: பலன் 4 கோடி, நிறுத்தும் செலவு மிச்சமாவது 50 லட்சம். அதற்கு ஒரு ரூபாய்க்கு சுமார் 58 பைசா வேலை போதும். 50-க்கும் 58-க்கும் நடுவில் பெரிய பள்ளம் இல்லை, இதை நான் கடிதத்திலேயே எழுதினேன். எழுதாவிட்டால் நிதிப் பிரிவு எழுதியிருக்கும். ஆனால் கடைசி மூன்று மாதத்தில் வந்தது 48, 44, 46. மேலே போகும் அறிகுறி இல்லை. பலனும் முதலில் நான்கு வருடத்துக்கு 6 கோடி என்று இருந்தது, ஒரு குடோனை விற்ற பிறகு 4 ஆனது. அந்த 4 கோடியை இன்னும் ஒருமுறை சோதித்திருக்க வேண்டுமோ என்று இன்றும் எனக்குத் தோன்றும்.

அப்புறம் என்ன ஆனது? ஸ்பான்சரே கொண்டுவந்த ப்ராஜெக்ட் என்றால் அவர் எப்படி ஒப்புக்கொண்டார்?

உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கடிதத்தை ப்ராஜெக்ட்டை மேற்பார்வையிடும் கமிட்டிக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பே அவர் அறையில் கதவைச் சாத்திவிட்டு முழுவதும் காட்டினேன், பலர் நடுவில் முதல்முறையாகக் கேட்க வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆறு வாரம் கேட்டார். அடுத்த கட்ட ஆர்டரைத் தள்ளிவைத்து, அந்த ஆறு வாரத்தில் 60 பைசா வந்தால் தொடர்வது, வராவிட்டால் மறுபேச்சின்றி நிறுத்துவது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். வந்தது 49. மறுநாள் அவரே வெண்டருக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

ஸ்பான்சர் பதிலே சொல்லாவிட்டால்? நான் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது.

கடிதத்தில் முடிவுக்கான தேதி போட்டிருந்தீர்களா? போடவில்லை என்றால் இன்றே ஒரு பத்தி அனுப்புங்கள்: ஒவ்வொரு வாரத் தாமதத்துக்கும் எவ்வளவு செலவாகிறது, அடுத்து தானாகப் போகப்போகும் பணம் எது, எந்தத் தேதியில். அதற்கும் பதில் இல்லை என்றால் கமிட்டித் தலைவரிடம் போகலாம், ஸ்பான்சரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அப்படிப் போனால் அந்த அலுவலகத்தில் உங்கள் நிலை என்ன ஆகும் என்பது அங்கே இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்.