டீயில் கரையும் கணக்கு

கேள்வி: எண்ணெய்ப் பலகாரத்தை விட்டு மூன்று மாதமாகிறது, எடை இறங்கவே இல்லை. ஆபீஸில் நாலு டீ குடிப்பேன், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மதியம் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட்ட ஆரஞ்சு ஜூஸ் ஒரு பாக்கெட், 200 மில்லி. டீக்கு நாட்டுச் சர்க்கரை வாங்கலாமா?

பதில்: வாங்குவதானால் ருசிக்காக வாங்குங்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாமே கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரிதான், வெள்ளைச் சர்க்கரையும் அதே. விலைதான் கூடும்.

உங்கள் டீயைப் பார்ப்போம். ஒரு ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் ஒரு டீயில் சர்க்கரை மட்டும் 40 கலோரி. அரை கிளாஸ் பால் இன்னொரு 35. ஆக 75, நாலு டீக்கு 300. கடை மாஸ்டர் ஸ்பூனைக் குவித்துப் போட்டால் இன்னும் ஏறும். வயிறு இதைச் சாப்பாடாகக் கணக்கில் வைக்காது, மதியச் சோறு குறைவதில்லை. அதுதான் சிக்கல்.

ஜூஸ் விஷயத்தில் ஏமாற்றுவது அந்த வாசகம். வெளியிலிருந்து சர்க்கரை போடவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பழத்தின் சர்க்கரை அப்படியே உள்ளே இருக்கிறது, சக்கைதான் போய்விட்டது. பாக்கெட்டைத் திருப்பிச் சத்து அட்டவணையில் 'மொத்தச் சர்க்கரை' வரியைப் பாருங்கள். ஆரஞ்சு ஜூஸில் 100 மில்லிக்கு 9, 10 கிராம் இருக்கும். அட்டவணை பெரும்பாலும் 100 மில்லிக்குத்தான் கணக்குச் சொல்லும், நீங்கள் குடிப்பதோ 200. பெருக்கினால் 20 கிராம், அதாவது உங்கள் இரண்டு டீயின் சர்க்கரை! உரித்த ஆரஞ்சு ஒன்று இதில் பாதிதான், மெல்லவும் நேரமாகும். மாம்பழ பானம் என்று விற்பது இதைவிட மோசம். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்துதான் வரிசையாக எழுத வேண்டும். அதில் முதலில் தண்ணீர் இருக்கும், சர்க்கரையும் தொலைவில் இருக்காது. கோலாவும் அதே ரகம்: 300 மில்லியில் 30 கிராமுக்கு மேல்.

எதைக் குறைக்கலாம்? முதலில் ஜூஸை நிறுத்துங்கள், 80 கலோரிக்கு மேல் மிச்சம். டீயில் ஒரேயடியாகச் சர்க்கரையை விட வேண்டாம், நாலாம் நாளே பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்து ஒரு ஸ்பூனில் நில்லுங்கள். நாக்கு பழகியபின் நாலாவது டீயை விடுங்கள். மூன்று டீ, தலா 55, மொத்தம் 165. ஜூஸையும் சேர்த்தால் தினம் 215 கலோரிக்கு மேல் குறைகிறது. சில கடைகளில் பாலிலேயே சர்க்கரையைப் போட்டுக் காய்ச்சிவிடுவார்கள். அங்கே 'சர்க்கரை கம்மி' என்று சொல்லிப் பயனில்லை, கேட்டுவிட்டு வேறு கடை பாருங்கள்.

வீட்டில் எவ்வளவு போகிறது என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. சர்க்கரைப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது தேதி எழுதிவையுங்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ பத்து நாளில் தீர்ந்தால் தலைக்குத் தினம் 50 கிராம், 200 கலோரி. என் வீட்டில் அது எட்டு நாளில் தீர்ந்தது. பாயசம் என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.